வட்டியிலிருந்து பணவீக்கத்தைக் கழித்தால் போதுமா, வகுக்க வேண்டுமா?

நிலையான வைப்பில் போட்ட பணம் உண்மையில் வளர்கிறதா என்று பார்க்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று குறுக்குவழி: வட்டி வீதத்திலிருந்து வரியைக் கழி, அதிலிருந்து பணவீக்கத்தைக் கழி, மிஞ்சுவதுதான் உண்மையான வருமானம். மற்றது சரிநுட்பமான வழி: வரி போன பிறகு பணம் எத்தனை மடங்காகிறது என்று பார்த்து, அதை விலைகள் எத்தனை மடங்காகின என்பதால் வகுக்க வேண்டும். பொருளியல் படித்தவர்கள் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். முதலாவது மனக்கணக்கிலேயே முடிந்துவிடும்.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் களுவாஞ்சிகுடியில் இருக்கிறார். அவருடைய மருமகன் கல்முனையில் கடை வைத்திருக்கிறார். ஆசிரியரின் கையில் 10 இலட்சம் ரூபா. ஒரு வருட வைப்புக்கு 8 சதவீதம், முதிர்வில் வட்டி. வங்கி வட்டியில் 10 சதவீதத்தைப் பிடித்துவைத்தல் வரியாக வெட்டும். அடுத்த ஒரு வருடத்துக்குப் பணவீக்கம் 5 சதவீதம் என்று இருவரும் வைத்துக்கொண்டார்கள். அது மத்திய வங்கி தனக்கு வைத்திருக்கும் இலக்கு என்பதால் நியாயமான ஊகம்தான்.

"8-இல் வரி போனால் 7.2. அதில் 5 போனால் 2.2. இதற்கு மேல என்ன மாமா இருக்கு?" என்றார் மருமகன்.

"கழிக்கிறதில்லை மகன், வகுக்க வேணும். 1.072-ஐ 1.05-ஆல் வகுத்துப் பாருங்க. 1.02095 வரும். அப்ப 2.1 சதவீதம்தான்."

இருவரும் தங்கள் கணக்கில் பிழை விடவில்லை. வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், எந்த இடத்தில் எந்த வழியை நம்பலாம் என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

இரண்டு விடையும் எந்த ரூபாவில் இருக்கின்றன?

பணத்தை விட்டுவிட்டு அரிசியில் பார்ப்போம். கணக்குக்காக ஒரு கிலோ 200 ரூபா என்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்று 10 இலட்சத்துக்கு 5,000 கிலோ வாங்கலாம். ஒரு வருடம் கழித்து விலை 5 சதவீதம் ஏறி 210 ரூபா. வைப்பு முதிர்ந்து வரி போகக் கையில் வருவது 1,072,000 ரூபா. அதை 210-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 5,104.8 கிலோ. அதாவது கூடியது 104.8 கிலோ.

5,000-க்கு 104.8 என்பது 2.1 சதவீதம். ஆசிரியர் சொன்ன விடை.

அந்த 104.8 கிலோவை வருடக் கடைசி விலையான 210-ஆல் பெருக்கினால் 22,000 ரூபா வருகிறது. 10 இலட்சத்தில் அது 2.2 சதவீதம். மருமகன் சொன்ன விடை. அதையே இன்றைய விலையான 200-ஆல் பெருக்கினால் 20,952 ரூபா.

ஆக, இரண்டு பேரும் எண்ணியது ஒரே அரிசியைத்தான். குறுக்குவழி லாபத்தை வருடக் கடைசி ரூபாவில் சொல்கிறது. ஆனால் முதலை இன்றைய ரூபாவில் வைத்துக்கொண்டு சதவீதம் எடுக்கிறது. சரிநுட்பமான வழி லாபத்தையும் முதலையும் ஒரே ரூபாவுக்குக் கொண்டுவந்து ஒப்பிடுகிறது. கைபேசியில் அட்டவணைச் செயலி வைத்திருப்பவர்கள் வட்டியை B1, வரி வீதத்தை B2, பணவீக்கத்தை B3 என்று போட்டு இப்படி எழுதலாம்:

```
=(1+B1*(1-B2))/(1+B3)-1
```

8%, 10%, 5% என்று சதவீதக் குறியோடு போட வேண்டும். வெறும் 8 என்று போட்டால் விடை அபத்தமாக வரும்.

இதிலிருந்து ஒரு பயனுள்ள உறவு கிடைக்கிறது. குறுக்குவழி விடையை (1 + பணவீக்கம்) என்பதால் வகுத்தால் சரியான விடை வந்துவிடும். 2.2-ஐ 1.05-ஆல் வகுத்தால் 2.095. எப்போதும் இப்படித்தான்.

அதனால் இரண்டு விஷயங்களை உறுதியாகச் சொல்லலாம். பணவீக்கம் நேர் எண்ணாக இருக்கும்போது குறுக்குவழி லாபத்தையும் பெரிதாகக் காட்டும், நட்டத்தையும் பெரிதாகக் காட்டும். ஆனால் லாபத்தை நட்டமாகவோ நட்டத்தை லாபமாகவோ ஒருபோதும் மாற்றிக் காட்டாது. அதோடு, ஒரே காலத்துக்கான இரண்டு வைப்புகளை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே எண்ணால்தான் வகுக்கிறோம். எனவே எது முதலில், எது இரண்டாவது என்ற வரிசை மாறவே மாறாது. மட்டக்களப்பு நகரில் ஒரு வங்கி 8 தருகிறது, அக்கரைப்பற்றில் ஒரு நிதி நிறுவனம் 9 தருகிறது, எதில் வருமானம் கூட என்பதுதான் கேள்வி என்றால், கழித்துப் பார்ப்பதே போதும். அந்தக் கேள்விக்காக வகுத்துக்கொண்டிருப்பது வீண்வேலை. (9 தருகிற இடம் பணத்தைத் திருப்பித் தருமா என்பது வேறு கேள்வி. அதை எந்தச் சூத்திரமும் சொல்லாது.)

வழி எதுவானாலும் வரியில் சறுக்கினால் போச்சு

ஆசிரியரின் கணக்கில் இரண்டு வழிகளுக்கும் இடையிலான வித்தியாசம் 1,048 ரூபா. வரியை எப்படிக் கையாளுகிறோம் என்பது அதைவிடப் பல மடங்கு பெரிய விஷயம்.

அடிக்கடி பார்க்கும் பிழை, வரியைக் கடைசியில் கழிப்பது. 8-இல் 5 போனால் 3, அதில் 10 சதவீத வரி போனால் 2.7 என்று போடுகிறார்கள். வரி உண்மையான லாபத்தின் மீது விழுந்தால் அப்படிச் செய்யலாம். ஆனால் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குப் பணவீக்கம் கணக்கே இல்லை. 80,000 ரூபா வட்டி முழுவதற்கும் வரி. அதில் 50,000 விலையேற்றத்தை ஈடுகட்டத்தான் போகிறது, அதற்கும் சேர்த்தே வரி. அதனால் வரி எப்போதும் முதலில், பணவீக்கம் பிறகு. 2.7 என்று விடை வந்தால் வரிசை மாறிவிட்டது என்று அர்த்தம். கையில் வரும் தொகையை ரூபாவில் எழுதிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

இதன் விளைவு ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. வட்டி 8, பணவீக்கம் 3 என்று ஒரு வருடம் இருக்கட்டும். வட்டி 20, பணவீக்கம் 15 என்று இன்னொரு வருடம். இரண்டிலும் இடைவெளி 5 தான். 10 சதவீத வரி போனால் முதல் வருடத்தில் 7.2-இல் 3 போக 4.2 மிஞ்சும். இரண்டாவதில் 18-இல் 15 போக 3 மட்டும். வகுத்துப் பார்த்தால் இன்னும் குறைந்து 2.6. பலகையில் பெரிய வட்டியைப் பார்த்துச் சந்தோஷப்படும் காலத்தில்தான் வரி அதிகமாகக் கடிக்கிறது.

அடுத்தது, அந்த 10 சதவீதமே உங்களுக்குரிய வீதமா என்பது. வட்டியில் வெட்டப்படும் வரி 2023 ஜனவரி முதல் 5 சதவீதமாக இருந்தது, 2025 ஏப்ரல் 1 முதல் 10 ஆனது. அதே நாளிலிருந்து தனிநபர் வருமான வரி விலக்கு எல்லையும் வருடத்துக்கு 12 இலட்சத்திலிருந்து 18 இலட்சமாக உயர்ந்தது. வங்கி வெட்டுவது இறுதி வரி அல்ல, முற்கூட்டிப் பிடித்துவைப்பது மட்டுமே. ஒருவரின் வரிக்குரிய வருமானம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 18 இலட்சத்தைத் தாண்டாது என்றால், சுய பிரகடனப் படிவத்தை வங்கியில் கொடுத்து வரி வெட்டாமலே வட்டியை எடுக்கலாம். இந்தக் கணக்கில் ஒரு வங்கியின் வட்டி மட்டும் அல்ல, எல்லா வங்கிகளின் வட்டியும், வேறு வருமானமும் சேரும். வரி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவதால் ஒவ்வொரு ஆண்டுக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே வெட்டிவிட்டால் வருமான வரி அறிக்கை சமர்ப்பித்து மீளக் கேட்கலாம். ஆனால் அது நீண்ட வேலை.

களுவாஞ்சிகுடி ஆசிரியர் இந்த வகைதான். அவருக்கு படிவம் கொடுத்தால் வரி பூச்சியம். 8-இல் 5 போக 3 சதவீதம், வகுத்தால் 2.86. ரூபாவில் 8,000 மிச்சம். எந்தச் சூத்திரம் சரி என்று இருவரும் விவாதித்த 1,048 ரூபாவுக்கு இது ஏறக்குறைய எட்டு மடங்கு.

மருமகன் மறுபக்கம். கடை வருமானத்தோடு அவர் 18 இலட்சத்தைத் தாண்டிவிடுகிறார் என்று வைப்போம். அப்போது வட்டி அவருடைய மற்ற வருமானத்தின் மேல் போய் உட்காரும். எல்லைக்கு மேலே முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், அதற்கு மேலே ஐந்து ஐந்து இலட்சமாக 18, 24, 30, மிச்சத்துக்கு 36. 18 சதவீதப் படியில் இருந்தால் அவருக்கு 8 என்பது 6.56 ஆகிவிடும். 36-இல் இருந்தால் 5.12 மட்டும். பணவீக்கம் 5 போனால் 0.12 சதவீதம், அதாவது 10 இலட்சத்துக்கு 1,200 ரூபா. ஒரே வங்கி, ஒரே பலகை, ஒரே 8 சதவீதம். மாமாவுக்கு 30,000, மருமகனுக்கு ஆயிரத்துச் சொச்சம். எனவே B2-இல் போட வேண்டியது வங்கி வெட்டும் வீதம் அல்ல, உங்கள் வருமானம் எட்டும் மிக உயர்ந்த படிக்குரிய வீதம்.

குறுக்குவழி உடையும் இடம்

இதுவரை சொன்னதைப் பார்த்தால் கழிப்பதே போதும் என்று தோன்றலாம். சாதாரண காலத்தில் ஒரு வருட வைப்புக்கு அது உண்மைதான். ஆனால் நாம் 2022-ஐக் கடந்து வந்தவர்கள்.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி வருடாந்தப் பணவீக்கம் 69.8 சதவீதம். தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் 73.7. முந்தைய வருடம் அதே மாதத்தில் ஒருவர் 10 இலட்சத்தை 6 சதவீதத்துக்குப் போட்டிருந்தார் என்று எடுத்துக்கொள்வோம். அப்போது வங்கி கட்டாயமாக வரி வெட்டவில்லை.

கழித்தால் 6-இல் 69.8 போக மைனஸ் 63.8. பத்து இலட்சத்தில் ஆறே கால் இலட்சத்துக்கு மேல் கரைந்துவிட்டது என்கிறது இந்த விடை. வகுத்தால் 1.06-ஐ 1.698-ஆல், 0.624. நட்டம் 37.6 சதவீதம். அதுவே நெஞ்சை அடைக்கும் எண்தான், ஆனால் 63.8 அல்ல. அந்தப் பணத்துக்கு ஒரு வருடம் முன்பு வாங்கக்கூடியதில் அறுபது சதவீதத்துக்கு மேல் இன்னும் வாங்க முடிந்தது. பணவீக்கம் 110 சதவீதமாக ஏறியிருந்தால் குறுக்குவழி மைனஸ் 104 என்று சொல்லியிருக்கும். கையில் இருக்கும் காசு முழுவதற்கும் மேலே நட்டப்பட முடியாது. அந்த வழியின் எல்லை எங்கே முடிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டாம்.

இந்தக் கணக்கை இன்னும் இரண்டு வருடம் நீட்டினால்தான் பிழை எப்படிப் பெருகுகிறது என்பது தெரியும். அதே ஆள் 2022 செப்டெம்பரில் 22 சதவீதத்துக்குப் புதுப்பித்தார் என்று வைப்போம். 5 சதவீத வரி போக 20.9. அடுத்த செப்டெம்பரில் கொழும்புச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 1.3 மட்டும். மூன்றாவது வருடத்துக்கு 12 சதவீதம், வரி போக 11.4. 2024 செப்டெம்பரில் பணவீக்கம் மைனஸ் 0.5.

குறுக்குவழியில் மூன்று விடைகளையும் கூட்டுவார்கள்: மைனஸ் 63.8, பிளஸ் 19.6, பிளஸ் 11.9. மொத்தம் மைனஸ் 32.3. மூன்று வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று தெரிகிறது.

சரியான வழியில் பணத்தை ஒருபக்கம் பெருக்க வேண்டும்: 1.06, 1.209, 1.114. பத்து இலட்சம் 1,427,636 ரூபாவாகிறது. விலைகளை மறுபக்கம் பெருக்க வேண்டும்: 1.698, 1.013, 0.995. முன்பு 10 இலட்சத்துக்கு வாங்கியதை இப்போது வாங்க ஏறக்குறைய 1,711,500 வேண்டும். ஒன்றை மற்றதால் வகுத்தால் 0.834. நட்டம் 16.6 சதவீதம்.

32-க்கும் 16-க்கும் இடையில் இருப்பது பாதிக்குப் பாதி. இந்தத் தவறான எண்ணை நம்பி, வைப்பே வேண்டாம் என்று பணத்தை எடுத்துக் காணியிலோ நகையிலோ போட்டவர் தன் முடிவை இரண்டு மடங்காகப் பெரிதாக்கிக் காட்டிய ஒரு நட்டத்தின் மேல் கட்டியிருக்கிறார். பல வருடங்களைச் சேர்க்கும்போதும், பணவீக்கம் இரண்டு இலக்கத்தில் இருக்கும்போதும் வகுத்தே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

சுட்டெண் எண்களை நேரடியாக எடுத்து வகுக்க விரும்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023-இன் தொடக்கத்தில் சுட்டெண்ணின் அடிப்படை ஆண்டு 2013-இலிருந்து 2021-க்கு மாறியது. பழைய தொடரின் எண்ணைப் புதிய தொடரின் எண்ணோடு சேர்த்து வகுத்தால் விலை விழுந்துவிட்டதுபோல விடை வரும். வருடாந்த சதவீதங்களை மேலே செய்ததுபோலச் சங்கிலியாகப் பெருக்குவது பாதுகாப்பானது.

எந்தப் பணவீக்கம்?

மேலே சொன்ன 22 சதவீத வைப்பைத் திரும்பிப் பாருங்கள். அதைப் போடும் நாளில் செய்தித்தாளில் இருந்த எண் 69.8. அதைக் கழித்துப் பார்த்தவருக்கு வருமானம் மைனஸ் 48.9. உண்மையில் அந்த வருடம் கிடைத்தது பிளஸ் 19.3. இங்கே தவறு கழிப்பதிலும் இல்லை, வகுப்பதிலும் இல்லை. வைப்பு வரப்போகிற 12 மாதங்களுக்கானது, கழித்தது கடந்துபோன 12 மாதங்களின் விலையேற்றத்தை. இரண்டும் ஒரே காலத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். முடிந்த வைப்பை மதிப்பிட வெளியான பணவீக்கத்தைப் பயன்படுத்தலாம். போடப்போகிற வைப்புக்கு ஊகம்தான் உண்டு. எனவே ஒரே எண்ணை நம்பாமல் 3, 5, 8 என்று மூன்று ஊகங்களை வைத்துப் பார்ப்பது நல்லது. ஊகம் 2 சதவீதம் பிசகினால் விடையும் ஏறக்குறைய 2 சதவீதம் பிசகும். அந்த நிலையில் வகுத்து எடுத்த 2.095-இன் மூன்று தசம இடங்களுக்கு எந்தப் பெறுமதியும் இல்லை.

நம் பக்கத்துக்கு இன்னொரு விஷயம். கொழும்புச் சுட்டெண் கொழும்பு நகர்ப்புற வீடுகளின் செலவை வைத்தது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிடும் தேசியச் சுட்டெண் எல்லா மாகாணங்களின் விலைகளையும் எடுப்பதோடு, அதில் உணவுக்குக் கொடுக்கும் பங்கும் கூட. வாழைச்சேனையிலோ திருக்கோவிலிலோ இருக்கும் குடும்பத்துக்கு அதுதான் நெருக்கமானது. சொந்த வயலில் நெல் எடுத்து வீட்டு அரிசியை அதிலேயே வைத்துக்கொள்பவருக்கு அரிசி விலையேற்றம் செலவில் சேராது என்பதையும் மனதில் வைக்கலாம்.

வட்டியில் வாழ்பவருக்கு

கடைசியாக, குறுக்குவழி சரிநுட்பமான வழியைவிட நேராகப் பதில் சொல்லும் ஓர் இடம் இருக்கிறது. ஆசிரியரின் உண்மையான கேள்வி "எத்தனை சதவீதம்" என்பது அல்ல. "முதல் கரையாமல் எவ்வளவு செலவழிக்கலாம்" என்பதுதான். வரி போக வட்டி 72,000 ரூபா என்றால், முதலின் பெறுமதியைக் காக்க அதில் 50,000-ஐ வைப்பிலேயே சேர்க்க வேண்டும். அடுத்த வருடம் வைப்பு 1,050,000 ஆகத் தொடங்கும். அவர் செலவழிக்கக்கூடியது 22,000. செலவழிப்பது வருடக் கடைசியில், வருடக் கடைசி ரூபாவில் என்பதால் கழித்து வந்த 22,000 அப்படியே சரியான விடை. மருமகன் கணக்கு இங்கே வென்றுவிடுகிறது. படிவம் கொடுத்து வரியை நிறுத்தினால் அது 30,000.

மாதாமாதம் வட்டி எடுக்கும் வைப்பிலும் இதே கணக்குத்தான், ஆனால் அங்கே கை தவறுவது சுலபம். மாத வட்டிக்கு வீதம் 7.7 என்று இருந்தால் வருடத்துக்கு 77,000, வரி போக 69,300, மாதம் 5,775 ரூபா கணக்கில் விழும். அதில் 4,167 ரூபா விலையேற்றத்துக்கு உரியது. அதை ஒரு சேமிப்புக் கணக்கில் ஒதுக்கி வருடத்துக்கு ஒருமுறை வைப்போடு சேர்க்க வேண்டும். வீட்டுச் செலவுக்கு உரியது ஏறக்குறைய 1,600 மட்டும். முழுவதையும் செலவழித்தால் வங்கிப் புத்தகத்தில் 10 இலட்சம் அசையாமல் நிற்கும். 5 சதவீதப் பணவீக்கத்தில் பத்து வருடம் கழித்து அந்த 10 இலட்சத்துக்கு வாங்க முடிவது, இன்று 614,000 ரூபாவுக்கு வாங்கக்கூடிய அளவுதான்.